ஆட்டுக் கணக்கு தாயிடம் தொடங்குகிறது

கால்நடைப் பட்டயப் பயிற்சி பெறும் மாணவர்களுக்கு அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



இனங்களின் பெயர், நோய்களின் பெயர் எல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பத்துத் தாய் ஆடுகளை வாங்கிக் கட்டினால் ஒரு வருடம் கழித்துக் கையில் என்ன நிற்கும், அது எதனால் கூடும், எதனால் குறையும் என்பதை மட்டும் இன்று சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்த இனத்தை வாங்குவது என்ற கேள்விக்கும் அந்தக் கணக்கிலேயே பதில் கிடைத்துவிடும்.

"எந்த இனம் நல்ல இனம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் ஆடு என்னத்தைத் தின்னப் போகிறது? விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துக் கரிசல் காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கருவேல மரமும் முள்செடியும் வேலி ஓரத்துக் கொடிகளும் நிறைந்த இடம் வெள்ளாட்டுக்கு உரியது. வெள்ளாடு தலையைத் தூக்கி, முன்னங்காலைக் கிளையில் வைத்து, தழையைத் தேடித் தின்னும். செம்மறி தலையைக் குனிந்து தரையில் உள்ள புல்லைத் தின்னும். அறுவடை முடிந்த வயலும் தரிசுப் புல்லும் உள்ள ஊரில் செம்மறிதான் வயிறு நிறைந்து வீடு திரும்பும். தீவனம் முதலில், வெள்ளாடா செம்மறியா என்பது இரண்டாவது, இனம் மூன்றாவது. இந்த வரிசையை மாற்றினால் தீவனச் செலவு உங்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

நம் உதாரணத்துக்குக் கன்னி ஆட்டை எடுத்துக்கொள்வோம். கறுப்பு உடம்பு, முகத்தில் நெற்றியிலிருந்து மூக்கு வரை இரண்டு வெள்ளைக் கோடு, காலிலும் வெள்ளை. சிலவற்றில் அந்தக் கோடு செம்பழுப்பாக இருக்கும். அதைச் செங்கன்னி என்பார்கள். இந்தக் கரிசல் மண்ணிலேயே பிறந்து வளர்ந்த இனம். வெயிலைத் தாங்கும், நடக்கும், இரட்டைக் குட்டி போடுவது இதில் சகஜம். அதற்குத் தெற்கே கடலோரம் போனால் கொடி ஆடு. நெட்டைக் கால், வெள்ளை உடம்பில் கறுப்போ சிவப்போ தெளித்தது போல் புள்ளி. வடக்கே சேலம், தருமபுரி பக்கம் முழுக் கறுப்பான சேலம் கருப்பு. மூன்றுமே அவரவர் ஊருக்கு ஏற்ற ஆடுகள். ஒன்றைவிட ஒன்று உசத்தி என்று சொல்வதற்கில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். நான் சொல்லும் விலைகள் கணக்குப் போடுவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் வைத்து நீங்களே மறுபடி போட்டுப் பாருங்கள்.

பத்துத் தாய், ஒரு கிடா. பகலில் நான்கைந்து மணி நேரம் மேய்ச்சல், வீட்டு ஆளே மேய்க்கிறார். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி போட்டு மூன்று மாதத்தில் மறுபடி சினை பிடித்தால், எட்டு மாதத்துக்கு ஒரு ஈற்று. அதாவது இரண்டு வருடத்தில் மூன்று. அந்தக் கணக்கில் பத்து ஆடு வருடத்துக்கு 15 முறை ஈன வேண்டும். ஆனால் ஒன்று சினை பிடிக்காமல் திரும்பும், ஒன்று கன்று வீசும். ஆகவே 13 ஈற்று என்று வைப்போம். ஒரு ஈற்றுக்குச் சராசரி ஒன்றரைக் குட்டி என்றால் ஏறக்குறைய 20 குட்டிகள். ஐந்தில் ஒன்று இறந்துபோகிறது என்று எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 16. வயதான தாய்களுக்குப் பதிலாக இரண்டு பெட்டைக் குட்டிகளை நிறுத்திக்கொண்டால் விற்பதற்கு 14.

எட்டு ஒன்பது மாதத்தில் ஒரு குட்டி 15 கிலோ. உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்றால் ஒரு குட்டிக்கு 6,000; பதினான்கு குட்டிக்கு 84,000. கழித்த இரண்டு வயதான ஆடுகள் 15,000. எருவுக்கு 4,000. வரவு 1,03,000 ரூபாய்.

செலவைப் பாருங்கள். ஈனுவதற்கு முந்திய ஒரு மாதமும் ஈன்ற பின் ஒன்றரை மாதமும் தாய்க்குத் தினம் கால் கிலோ அடர்தீவனம், குட்டிகளுக்கு நூறு கிராம், கிடாவுக்குக் கால் கிலோ. எல்லாம் சேர்த்து 16,000 ரூபாய். கோடைக்குக் கடலைக்கொடி, சோளத்தட்டை 8,000. தடுப்பூசி, குடற்புழு மருந்து, தாது உப்பு 4,000. கொட்டகை மராமத்து 2,000. கொட்டகை போட 60,000 ஆகி அது பத்து வருடம் நிற்குமானால் வருடத்துக்கு 6,000. கிடாவை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், இல்லையென்றால் மகளோடே சேர்ந்து மந்தை வலுவிழக்கும். அந்த வித்தியாசத்துக்கு 2,000. மொத்தம் 38,000.

மிச்சம் 65,000 ரூபாய். மாதத்துக்கு ஐயாயிரத்து நானூறு சொச்சம். பெரிய தொகை என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் ஒருவரின் அரை நாள் உழைப்புக்கு இது கூலி. இதே மந்தைக்கு மாதம் 12,000 கொடுத்து ஆள் வைத்தால் வருடக் கூலியே 1,44,000. பத்து ஆடு அதைத் தாங்காது. ஐம்பது தாய் இருந்தால்தான் ஒரு ஆளை வைப்பதைப் பற்றி யோசிக்கலாம். அந்த அளவுக்கு மேய்ச்சல் நிலம் இருக்கிறதா, இல்லையென்றால் பாசனத்தில் பசுந்தீவனம் போட நிலமும் தண்ணீரும் இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டுத்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இந்தக் கணக்கில் எந்த எண்ணை அசைத்தால் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

சந்தையில் நன்றாகப் பேரம் பேசி கிலோவுக்கு 50 ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டீர்கள். 14 குட்டி, 15 கிலோ, 50 ரூபாய். லாபம் 10,500 கூடுகிறது. நல்லதுதான். ஆனால் குட்டிச் சாவு ஐந்தில் ஒன்றுக்குப் பதிலாக ஐந்தில் இரண்டு ஆகிவிட்டால்? இருபதில் எட்டு போய் பன்னிரண்டு நிற்கும், விற்பதற்குப் பத்துதான். நான்கு குட்டி குறைந்தால் 24,000 போயிற்று. சாவு கூடவில்லை, ஆனால் தாய் வருடத்துக்கு ஒரே முறை ஈன்றது என்றாலும் அதே கதை. பத்து ஈற்றில் 15 குட்டி, மூன்று இறந்து, இரண்டை நிறுத்தி, விற்பதற்குப் பத்து. பேரத்தில் சம்பாதித்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கொட்டகையிலேயே நழுவிவிடுகிறது. அதனால்தான் சொல்கிறேன், ஆட்டுக் கணக்கு சந்தையில் தொடங்குவதில்லை, தாயிடம் தொடங்குகிறது.

குட்டிகள் எப்போது சாகின்றன என்று கவனித்தால் மூன்று கட்டம் தெரியும். முதல் கட்டம், பிறந்த முதல் வாரம். சீம்பால் கிடைக்காத குட்டிதான் பெரும்பாலும் போகும். பிறந்த அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் சீம்பால் வயிற்றில் இறங்க வேண்டும். இரட்டைக் குட்டியில் சின்னது பின்தங்கும்; அதை நாமே பிடித்து மடியில் விட வேண்டும். தொப்புளில் டிங்சர் அயோடின் தொட்டு வைக்க வேண்டும். குட்டி கூனிக்குறுகி நின்றாலோ, வாய்க்குள் விரல் வைத்தால் சில்லென்று இருந்தாலோ அது பட்டினியும் குளிரும் பட்டிருக்கிறது என்று அர்த்தம். இரட்டைக் குட்டி போடும் இனம் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் இரண்டுக்கும் போதிய பால் அந்தத் தாயிடம் உண்டா என்றும் கேட்க வேண்டும். மூன்று குட்டி போட்டு ஒன்றை வளர்க்கும் தாயைவிட இரண்டு போட்டு இரண்டையும் வளர்க்கும் தாய்தான் மேல்.

இரண்டாவது கட்டம் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை. ஈரமான தரையில் அடைத்த குட்டிகளுக்கு இரத்தம் கலந்த கழிச்சல் வரும். மருந்து கொடுக்கலாம், ஆனால் தரை காயாத வரைக்கும் அது திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது கட்டம் மேயப் போன பிறகு. மழைக்குப் பின் வரும் இளம் புல்லோடு வட்டப்புழுவும் உள்ளே போகும். அது வயிற்றில் இருந்துகொண்டு இரத்தத்தை உறிஞ்சும். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். நல்ல ஆட்டுக்குச் செக்கச் செவேல் என்று இருக்கும். புழு உள்ள ஆட்டுக்கு வெளுத்திருக்கும். தாடைக்குக் கீழே பை போல வீங்கினால் முற்றிவிட்டது. எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து ஊற்றுவது புத்திசாலித்தனம் ஆகாது, மருந்துக்குப் பழகிய புழுதான் மிஞ்சும். இமை வெளுத்ததைத் தேர்ந்து கொடுங்கள், எந்த மருந்து என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

இதோடு இரண்டு நோய்கள். ஒன்று துள்ளுமாரி. மந்தையிலேயே கொழுகொழுவென்று இருந்த குட்டி, நேற்று மாலை வரை நன்றாக இருந்தது, விடியும்போது செத்துக் கிடக்கும். புதுப்புல்லையோ தானியத்தையோ திடீரென்று நிறையத் தின்ற பின் வரும். மழைக்கு முன்னால் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். மற்றொன்று ஆட்டுக்கொல்லி. காய்ச்சல், மூக்கில் கண்ணில் சளி, வாயில் புண், பிறகு கழிச்சல். இது பெரும்பாலும் சந்தையில் வாங்கிய ஆட்டோடுதான் வீட்டுக்குள் நுழைகிறது. வாங்கிய ஆட்டை மூன்று வாரமாவது தனியே கட்டிப் போட்டுப் பார்த்த பிறகே மந்தையில் சேருங்கள். குட்டிக்கு நான்கு மாதம் முடிந்ததும் இதற்கான தடுப்பூசி உண்டு.

இப்போது இனத்துக்குத் திரும்புவோம். போயர் கலப்பு ஆடு வேகமாக எடை வைக்கும் என்கிறார்கள். உண்மைதான், தீவனம் போட்டால். கன்னி ஆடு முள்காட்டில் வயிற்றை நிரப்பிக்கொள்ளும் இடத்தில் போயர் கலப்பு தன் வேகத்தைக் காட்டாது. அதன் பெரிய உடம்புக்கு அந்தத் தழை போதாது. கொட்டிலில் கட்டி, பசுந்தீவனமும் அடர்தீவனமும் கணக்காகக் கொடுக்க முடிந்தவருக்கு நாட்டுத் தாயோடு போயர் கிடாவைச் சேர்த்துக் கிடைக்கும் குட்டி லாபம் தரலாம். தலச்சேரி ஆடும் அப்படித்தான். மலபார் பகுதியின் ஈரமும் பசுமையும் கண்ட ஆடு. கொட்டில் முறைக்குப் பழகும், இரட்டைக் குட்டி போடும், பாலும் உண்டு. கரிசல் காட்டு வெயிலில் எட்டு மைல் நடக்கச் சொன்னால் கன்னியோடு அது போட்டி போடாது.

யாராவது ஒரு குட்டிக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் விலை சொன்னால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அந்த விலையை அதன் எடையால் வகுத்துப் பாருங்கள். கிலோ 400, 500 வந்தால் அது கறி விலை. கிலோ 1,500 வந்தால் அது கறி விலை அல்ல, இனவிருத்திக்காரன் இன்னொரு இனவிருத்திக்காரனுக்கு விற்கும் விலை. நீங்கள் வாங்கினால் உங்கள் குட்டியையும் அதே விலைக்கு வாங்க இன்னொருவர் வந்தாக வேண்டும். அவர் வராத நாளில் கசாப்புக்கடைக்காரர் கிலோ 400தான் தருவார். முதல் மந்தையைக் கறி விலையிலேயே கட்டுபடியாகும்படி அமைப்பதுதான் பாதுகாப்பு.

செம்மறியைப் பற்றி ஒரு வார்த்தை. மேட்டூர், ஈரோடு பக்கத்து மேச்சேரி, இராமநாதபுரத்து வெள்ளை, உடம்பெல்லாம் சிவப்புத் திட்டு போட்ட வேம்பூர், அடிவயிறு கறுத்த கீழக்கரிசல் எல்லாமே கறிக்கான இனங்கள். மேச்சேரியின் தோலுக்குத் தனி மதிப்பு உண்டு. செம்மறி பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். ஆகவே பத்துச் செம்மறியின் கணக்கு பத்துக் கன்னி ஆட்டின் கணக்கை எட்டாது. ஆனால் செம்மறி கூட்டமாகப் போகும், ஒரே ஆள் நூறை ஓட்டிப் போகலாம். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டால் நிலக்காரர் அதற்குத் தனியாகப் பணம் தருவார். செம்மறியின் லாபம் எண்ணிக்கையில் இருக்கிறது. மழைக்காலத்தில் நீலநாக்கு நோய் அதற்குத்தான் அதிகம். மழைக்கு முன் அதற்கும் தடுப்பூசி போட வேண்டும்.

கடைசியாகப் பக்ரீத் விற்பனை. நம் வீடுகளில் எல்லோரும் வாங்குகிறவர்கள், விற்கிறவர்களின் கணக்கைப் பார்த்தவர்கள் குறைவு. குர்பானிக்கு ஆட்டின் வயது கட்டாயம். ஹனஃபி மத்ஹபில் வெள்ளாட்டுக்கு ஒரு வருடம் நிறைந்திருக்க வேண்டும். செம்மறி ஆறு மாதத்திலேயே ஒரு வருட ஆட்டைப் போல் வளர்ந்திருந்தால் கூடும். ஷாஃபி மத்ஹபில் வெள்ளாட்டுக்கு இரண்டு வருடம் நிறைய வேண்டும். செம்மறிக்கு ஒரு வருடம், அல்லது அதற்குள் முன்பல் விழுந்திருக்க வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிகள் அதிகம், உள்ளூர்களில் ஹனஃபிகள் அதிகம். இந்த ஒரு வேறுபாடே நீங்கள் எதை வளர்க்க வேண்டும் என்பதை மாற்றிவிடுகிறது. இரண்டு வருடம் தீவனம் போட்டு ஒரு வெள்ளாட்டுக் கிடாவை நிறுத்துவது பெரிய செலவு. அந்த ஊர்களுக்கு ஒரு வருடச் செம்மறிக் கிடாதான் வளர்ப்பவருக்கும் வாங்குபவருக்கும் கட்டும். குறிப்பான ஐயங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருடம் என்பது இங்கே ஹிஜ்ரி வருடம். ஆகவே கணக்கு எளிது. இந்தப் பக்ரீதுக்கு முன் பிறந்த குட்டிக்குத்தான் அடுத்த பக்ரீதில் ஒரு வருடம் நிறையும். பெருநாள் முடிந்து ஒரு வாரம் கழித்துப் பிறந்தது ஆகாது. சினைக்காலத்தையும் சேர்த்தால், விற்கப் போகும் பெருநாளுக்குப் பதினேழு மாதத்துக்கு முன்பே தாய் கிடாவோடு சேர்ந்திருக்க வேண்டும். பல்லைப் பார்த்து வயது சொல்லும் வழக்கம் உண்டு. பால்பல் விழுந்து முதல் ஜோடி பெரிய பல் வருவதற்கு ஏறக்குறைய ஒன்றேகால் வருடம் ஆகும், இரண்டாவது ஜோடி இரண்டு வருடத்தை ஒட்டி வரும். ஒரு வருடம் நிறைந்த வெள்ளாட்டுக்குப் பல் விழாமலே இருக்கலாம் என்பதால், வாங்குபவர் நம்புவது உங்கள் பிறப்புப் பதிவேட்டைத்தான். அதே காரணத்தால் அடையாளத்துக்காகக் காதை வெட்டாதீர்கள். காது அறுந்த ஆட்டை வாங்கத் தயங்குவார்கள். நொண்டி, ஒற்றைக்கண், எலும்பும் தோலுமான ஆடு, நோய் தெரிகிற ஆடு எதுவும் விலை போகாது.

நம் கணக்கில் 14 குட்டி இருந்தன அல்லவா? அவற்றில் வயது பொருந்துகிற ஐந்து கிடாக்களை ஒன்பது மாதத்தில் விற்காமல் நான்கு மாதம் நிறுத்துகிறோம். தினம் 300 கிராம் அடர்தீவனம். நான்கு மாதத்துக்கு 36 கிலோ, ஏறக்குறைய 1,000 ரூபாய். தழை, உலர்தீவனம் 500. நாளுக்கு எழுபது கிராம் எடை கூடினால் எட்டுக் கிலோ ஏறி 23 கிலோ நிற்கும். பெருநாள் விலை கிலோ 500 என்றால் 11,500. முன்பே விற்றிருந்தால் 6,000. செலவு 1,500 போக ஒன்றுக்கு 4,000 ரூபாய் கூடுதல். பெருநாள் விலையே கிடைக்காமல் கிலோ 400க்கு விற்றாலும் 9,200 வரும்; நட்டம் இல்லை. ஆனால் ஐந்தில் ஒன்று இறந்தால் மற்ற நான்கின் கூடுதல் லாபத்தில் ஏறக்குறைய பாதி கரைந்துவிடும். ஆகவே பதினான்கையும் நிறுத்தாதீர்கள். பெருநாளுக்கு மறுநாள் விலை படுத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே வருகிறது. 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. மே மாதத்தில் பெருநாள் வரும் ஆண்டுகளில் கிடாவைத் தேற்ற வேண்டிய நான்கு மாதத்தின் பிற்பகுதி கடும் கோடையில் விழுகிறது. தழை இருக்காது, தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டும். நான் சொன்ன 500 ரூபாய் அப்போது ஆயிரமாகிவிடும். 2030க்குள் பெருநாள் ஏப்ரல் நடுவுக்கும், 2033 வாக்கில் மார்ச்சுக்கும் வந்துவிடும். அப்போது வடகிழக்கு மழைக்குப் பின் வரும் பசுமையிலேயே கிடாவைத் தேற்றலாம், செலவு குறையும். ஆனால் அதே மாதங்களில்தான் புழுவும் துள்ளுமாரியும் வரும். தீவனச் செலவில் மிச்சம் பிடித்ததை மருந்துக்கும் கவனிப்புக்கும் வைத்துக்கொள்ள வேண்டும்.

விற்கும்போது ஒன்று. எட்டயபுரம் சந்தை போன்ற இடங்களில் இன்னும் கண்பார்வையில் மதித்து, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது உண்டு. தரகரின் கண் பல்லாயிரம் ஆட்டைப் பார்த்த கண். உங்களிடம் ஒரு தொங்குதராசு இருக்கட்டும். காலையில் தண்ணீர் காட்டும் முன் எடையைப் போட்டுக்கொண்டு போங்கள். எடை தெரிந்தவரிடம் தரகர் பேசும் பேச்சே வேறாக இருக்கும்.

நாளைக்கே செய்ய வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவதுதான். ஒவ்வொரு தாய்க்கும் ஒரு பக்கம். கிடா சேர்ந்த தேதி, ஈன்ற தேதி, போட்ட குட்டி எத்தனை, மூன்று மாதத்தில் உயிரோடு இருப்பது எத்தனை. இந்த நான்கு மட்டும் போதும். இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கங்களைப் புரட்டுங்கள். எந்தத் தாய் சோறு போடுகிறது, எது சும்மா தின்கிறது என்று தெரியும். இரண்டாவதைச் சந்தைக்கு அனுப்புங்கள். முதலாவதன் பெட்டைக் குட்டியை நிறுத்துங்கள். உங்கள் ஊருக்கு ஏற்ற இனம் உங்கள் கொட்டகையிலேயே உருவாகத் தொடங்கிவிடும்.